அத்தியாயம் 7: கிரயப் பணத்தைக் கொடுப்பதும் வாங்குவதும்

விலை பேசி முடிந்ததும் தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு?" இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் மற்றதையெல்லாம் முடிவு செய்யும். வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும், ஒப்பந்தம் முறிந்தால் முன்பணம் திரும்புமா, சில வருடங்கள் கழித்து வருமானவரித் துறையிலிருந்து கடிதம் வந்தால் என்ன காட்டுவீர்கள் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். எனவே பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான். பத்திரத்திலும் முழு விலைதான்."

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டில் வீடோ மனையோ வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எழுதப்பட்டது. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் உரியதைப் படித்துவிடுங்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன ஆபத்து என்று எடுத்துச் சொல்ல முடிந்தால், அவரைச் சம்மதிக்க வைப்பது எளிது.

சட்டம் போட்ட கோடு எங்கே இருக்கிறது?

நினைவில் வைக்க வேண்டிய எண் 20,000. அசையாச் சொத்தை விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. முன்பணமாக இருந்தாலும் மீதித் தொகையாக இருந்தாலும் இதே விதிதான். பெயரிட்ட கிராஸ் செய்த காசோலை, அதேபோன்ற டி.டி., அல்லது ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட், ஐ.எம்.பி.எஸ்., யு.பி.ஐ. போன்ற மின்னணு வழியில் மட்டுமே வாங்கலாம். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 269எஸ்எஸ் என்ற பிரிவு இதைச் சொன்னது. சொத்துப் பரிமாற்றத்துக்கு இது 2015 ஜூன் 1 முதல் பொருந்துகிறது. கிரயம் கடைசியில் நடந்ததா, நின்றுபோனதா என்பது பொருட்டே இல்லை. பணம் வாங்கியதே போதும்.

மீறினால் அபராதம், வாங்கிய ரொக்கத்துக்குச் சமமான தொகை. ஐந்து லட்சம் ரொக்கமாக வாங்கினால் அபராதமும் ஐந்து லட்சம். இதைப் பணத்தை வாங்கியவர், அதாவது விற்பவர், கட்ட வேண்டும். கறுப்புக் கேட்கும் விற்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. சிக்கல் வந்தால் வாங்குபவருக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு எண் 2 லட்சம். 2017 ஏப்ரல் 1 முதல், எந்தப் பரிவர்த்தனைக்கும் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்ற பொதுத் தடை வந்தது. அங்கும் அபராதம் அதே அளவு, அங்கும் வாங்கியவருக்குத்தான். சொத்து விஷயத்தில் 20,000 என்ற கோடு அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும், இந்த இரண்டு வரம்புகளும் தொடர்கின்றன.

மூன்று தவறான நம்பிக்கைகளை இங்கேயே ஒதுக்கிவிட வேண்டும்.

முதலாவது, "இது வெள்ளைப் பணம்தானே, வங்கியில் எடுத்துத்தானே கொடுக்கிறேன்" என்பது. பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் கைமாறியது என்பது வேறு கேள்வி. வரி கட்டிய சம்பளப் பணமாகவே இருந்தாலும், கணக்கிலிருந்து எடுத்துக் கட்டாகக் கொடுத்தால் விற்பவர் விதியை மீறியவராகிறார்.

இரண்டாவது, "பதினைந்து பதினைந்தாயிரமாகப் பிரித்துக் கொடுக்கலாம்" என்பது. ஏற்கெனவே வாங்கியதையும் சேர்த்துத்தான் 20,000 கணக்கிடப்படும். முதல் 15,000 தப்பிக்கும். இரண்டாவது 15,000 மாட்டும்.

மூன்றாவது, "விற்பவர் கணக்கில் நேராக ரொக்கமாகக் கட்டிவிடுகிறேன்" என்பது. வங்கிக் கவுன்டரில் ரொக்கத்தைச் செலுத்துவது வங்கி வழிப் பரிமாற்றம் போலத் தோன்றும். அனுமதிக்கப்பட்ட வழிகளின் பட்டியலில் அது இல்லை. உங்கள் கணக்கில் கட்டி, அங்கிருந்து அவர் கணக்குக்கு மாற்றுங்கள்.

> குறிப்பு: விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரிக்குரிய வருமானம் இல்லை என்றால் 20,000 வரம்பிலிருந்து விலக்கு உண்டு. பதிவு நாளன்று சார்பதிவாளர் முன்னிலையில் கொடுத்த ரொக்கத்துக்கு இந்த அபராதம் பொருந்தாது என்று வருமானவரித் தீர்ப்பாயத்தின் சில அமர்வுகள் சொன்னதும் உண்டு. இவை வழக்கில் வாதாட உதவும் விஷயங்கள். இவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

செய்தி எப்படித் துறைக்குப் போகிறது?

"யாருக்குத் தெரியப்போகிறது?" என்பது அடுத்த கேள்வி. பெரிய தொகைக்குப் பதிவாகும் கிரயங்களைச் சார்பதிவாளர் அலுவலகம் ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்கு அறிக்கையாக அனுப்புகிறது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் பத்து லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால் வங்கியும் தெரிவிக்கிறது. இரண்டும் உங்கள் பான் எண்ணோடு இணைந்து, வருமானவரி இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறுகின்றன. வீட்டை விற்றவர் அதே ஆண்டில் பெரிய ரொக்கத்தைக் கணக்கில் கட்டினால், இரண்டு தகவல்களும் ஒரே அறிக்கையில் அருகருகே நிற்கும்.

2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் மூடியது. பெங்களூரில் ஒரு கல்வி நிறுவனத்தின் வசமுள்ள சொத்தை வாங்க ஒப்பந்தம் போட்டு, 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாகச் சொல்லி சிலர் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் வழக்கு தள்ளுபடியானது. அதோடு நீதிமன்றம் பொது உத்தரவுகளும் இட்டது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால், அந்த நீதிமன்றம் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுக்கு வரும் ஆவணத்தில் அப்படி இருந்தால் சார்பதிவாளர் தெரிவிக்க வேண்டும். தவறினால் அந்த அலுவலர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

இது வாங்குபவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். விற்பவர் ஏமாற்றிவிட்டார், நீங்கள் கொடுத்த ரொக்கத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போகிறீர்கள். வழக்கு மனுவில் நீங்கள் எழுதும் முதல் பத்தியே வருமானவரித் துறைக்குப் போகும் புகாராகிவிடுகிறது. அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். கணக்கில் காட்டாத பணம் என்று முடிவானால், 1961 சட்டத்தின் கீழ் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 78 சதவீதம் வரியாகப் போனது.

ஒரு கிரயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை உதாரணம். நகரத்தில் ஒரு பழைய வீடு. பேசிய விலை 80 லட்சம். வழிகாட்டி மதிப்பின்படி அந்தச் சொத்து 46 லட்சம் பெறுகிறது. பத்திரத்தில் 48 லட்சம் போட்டுக்கொண்டு, மீதி 32 லட்சத்தை ரொக்கமாகத் தந்துவிடலாம் என்கிறார் தரகர். 48 என்ற எண்ணும் யோசித்து எடுத்ததுதான்: 50 லட்சத்தைத் தொட்டால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியிருக்கும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்று வைத்தால், 32 லட்சத்தை மறைப்பதால் வாங்குபவருக்கு மிச்சம் 2,88,000 ரூபாய். தரகர் இந்த எண்ணை மட்டும்தான் சொல்வார்.

மற்ற எண்களையும் எழுதிப் பாருங்கள். வங்கி பத்திர விலையை வைத்துத்தான் கடன் தரும். 80 சதவீதம் தரும் என்றால், 80 லட்சத்துக்கு 64 லட்சம் வரை கிடைக்கும். 48 லட்சத்துக்கு 38,40,000 மட்டுமே. கடனில் 25 லட்சத்துக்கு மேல் குறைகிறது, கூடவே 32 லட்சத்தை நோட்டாகவும் திரட்ட வேண்டும். பிறகு எப்போதோ அந்த வீட்டை நீங்கள் விற்கும்போது, நீங்கள் வாங்கிய விலை 48 லட்சம் என்றுதான் ஏட்டில் இருக்கும். கொடுத்த 32 லட்சம் உங்கள் லாபமாகக் கணக்காகும். இப்போதைய 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் அதற்கு 4,16,000 ரூபாய் வரி. அன்று மிச்சம் பிடித்ததைவிட இதுவே அதிகம்.

விற்பவர் பக்கம் வருவோம். அவர் 32 லட்சத்தை மறைத்து மிச்சம் பிடிக்க நினைக்கும் வரியும் அதே 4,16,000தான். அதற்காக அவர் தலைமேல் ஏற்றிக்கொள்ளும் அபராத ஆபத்து 32 லட்சம். அவர் இந்த வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கவோ கட்டவோ போகிறார் என்றால், அந்த ஆதாயத்துக்குச் சட்டமே விலக்கு தருகிறது. வேறு வீடு வாங்குவதற்கு இரண்டு ஆண்டு, கட்டுவதற்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கட்ட வேண்டியே இராத வரிக்குப் பயந்து ரொக்கம் கேட்கும் விற்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் வாங்குபவரானால், பேரம் இந்த இடத்தில் சிக்கும்போது சண்டை போடாமல் அவரை ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். பல பேச்சுவார்த்தைகள் அங்கே தானாகச் சரியாகிவிடுகின்றன. சிலர் வரியை ஈடுகட்ட விலையில் ஒரு லட்சம் இரண்டு லட்சம் கூட்டிக் கேட்பார்கள். கடன் கூடுதலாகக் கிடைப்பதையும் பிற்கால வரியையும் சேர்த்துப் பார்த்தால் அதைக் கொடுப்பதுகூட உங்களுக்கு லாபமாக இருக்கலாம்.

பணம் கொடுக்கும் வரிசை

அதே 80 லட்சம் வீட்டை முறையாக வாங்குவதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். வாங்குபவர் 56 லட்சம் கடன் வாங்குகிறார். 24 லட்சம் சொந்தப் பணம்.

1. ஒரு ரூபாய் கொடுக்கும் முன் மூன்று தாள்கள் கேளுங்கள். விற்பவரின் பான் அட்டை நகல், ஆதார் நகல், அவர் வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை. மூன்றிலும் உள்ள பெயர், தாய்ப் பத்திரத்திலும் பட்டாவிலும் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சொத்து இருவர் பெயரில் இருந்தால் இருவரிடமும் வாங்குங்கள். பான் எண் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால், 1 சதவீதத்துக்குப் பதிலாக 20 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டி வரும். வயதான விற்பவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

2. டோக்கனையும் கணக்கு வழியாகவே கொடுங்கள். "இன்று நல்ல நாள், ஏதாவது கையில் கொடுங்கள்" என்பார்கள். சம்பிரதாயத்துக்கு வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் வைத்துக் கொடுங்கள், தவறில்லை. டோக்கன் முன்பணத்தை யு.பி.ஐ. வழியாக அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் சொத்தின் சர்வே எண்ணையோ கதவு எண்ணையோ எழுதுங்கள்.

3. கிரய ஒப்பந்தத்தில் பணத்தின் விவரம் எழுதுங்கள். "முன்பணமாக ரூபாய் எட்டு லட்சம் பெற்றுக்கொண்டேன்" என்பது மட்டும் போதாது. எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எந்த யு.டி.ஆர். எண்ணில் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். மீதித் தொகை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் வர வேண்டும், கிரயம் நின்றால் முன்பணம் எத்தனை நாளில் எந்தக் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். ஆவண எழுத்தர்கள் பழைய மாதிரியையே அச்சடித்து, "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியை அப்படியே விட்டுவிடுவது உண்டு. வங்கியில் பணம் அனுப்பிவிட்டு, தாளில் ரொக்கம் என்று கையெழுத்துப் போட்டால் நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி எழுதியதாகும். வரைவை வீட்டுக்கு வாங்கி வந்து அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

4. ஒவ்வொரு தவணையிலும் டி.டி.எஸ். பிடியுங்கள். விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மொத்த விலைதான் கணக்கு; தவணை சிறியது என்பதால் விலக்கு இல்லை. நம் உதாரணத்தில் முன்பணம் 8 லட்சம் என்றால், 8,000 பிடித்துக்கொண்டு 7,92,000 அனுப்ப வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடுங்கள். ஜூனில் பிடித்தால் ஜூலை 30. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணமும் வட்டியும் ஏறும். 26QB என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான படிவம் இதுதான். புதிய சட்டத்தின் கீழ் படிவ எண்கள் மாறுவதால், எண்ணைத் தேடாமல் சொத்து விற்பனைக்கான டி.டி.எஸ். என்ற தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கட்டியபின் கிடைக்கும் சான்றிதழை விற்பவரிடம் கொடுங்கள். அவர் வருமானவரிக் கணக்கில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்.

> எச்சரிக்கை: விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. அவருக்கு வேறு விதி, பிடிக்கும் தொகையும் பெரிது. பணம் அனுப்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். குறைவாகப் பிடித்தால் மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள்.

5. பதிவுக்கு முந்தைய நாள் பாதையைத் திறந்து வையுங்கள். விற்பவரின் கணக்கை உங்கள் வங்கிச் செயலியில் முன்கூட்டியே சேருங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. நாள் வரம்பும் தனியாக இருக்கும். சிறு தொகை ஒன்றை அனுப்பி, அவர் கணக்கில் ஏறியதா என்று அவர் வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். பெரிய தொகையைக் கிளையிலேயே ஆர்.டி.ஜி.எஸ். படிவம் கொடுத்து அனுப்பப் போகிறீர்கள் என்றால், கிளை விடுமுறை நாளைப் பாருங்கள். ஆர்.டி.ஜி.எஸ். இரவு பகல் இயங்கும், கிளை இயங்காது.

6. பதிவு நாளின் வரிசை மாறக் கூடாது. நம் உதாரணத்தில் மீதி 72 லட்சம். அதற்கு டி.டி.எஸ். 72,000. வங்கிக் கடன் 56 லட்சம் விற்பவர் பெயரில் டி.டி.யாக வரும். வாங்குபவர் தன் கணக்கிலிருந்து அனுப்புவது 15,28,000. முதலில் அனுப்பிய 7,92,000, இந்த இரண்டு தொகைகள், மொத்த டி.டி.எஸ். 80,000 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 80 லட்சம் வர வேண்டும். இந்தக் கூட்டலைக் கிரயப் பத்திரத்திலேயே ஓர் அட்டவணையாகப் போடச் சொல்லுங்கள். டி.டி.எஸ். தொகையைக் குறிப்பிடாமல் விட்டால், பத்திரத்தில் 80 லட்சமும் வங்கியில் 79,20,000மும் இருந்து, பின்னால் யாராவது 80,000 பாக்கி என்று கிளப்பலாம்.

விற்பவரே, இந்தப் படி உங்களுக்கு மிக முக்கியம். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பார்த்தபின், டி.டி.யை வங்கி அலுவலர் கையிலிருந்து சரிபார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவர் காட்டும் கைப்பேசிப் படம் சான்று ஆகாது. பின்தேதியிட்ட காசோலையை நம்பிப் பதிவு செய்துவிடாதீர்கள். விலையில் ஒரு பகுதி வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரயப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர முடியாது, பாக்கிப் பணத்தைக் கேட்டு வழக்குப் போடத்தான் முடியும் என்று 2020ஆம் ஆண்டின் தாகிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தப் பாக்கி ரொக்கமாக வர வேண்டிய கறுப்புத் தொகை என்றால், அதைக் கேட்க உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. பத்திரத்தில் 48 லட்சம் முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

7. முத்திரைத் தீர்வையையும் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் கணக்கிலிருந்து செலுத்தி ரசீதை எடுத்து வையுங்கள். "மொத்தமாக என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்று தரகர் ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தச் செலவும் சொத்தின் விலையில் சேரும். விற்கும் நாளில் ரசீது வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*உறவினர் கணக்குக்கு அனுப்புவது.* "மகன் கணக்கில் போட்டுவிடுங்கள், அவன்தான் எல்லாம் பார்க்கிறான்" என்பார் விற்பவர். சொத்துக்காரர் அம்மா, பணம் மகனுக்குப் போனால், அம்மா பெறவில்லை என்று நாளை அவருடைய மகள் வழக்குப் போட இடம் கொடுக்கிறீர்கள். சொத்து யார் பெயரிலோ அவர் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். இருவர் சொத்து என்றால் பங்குக்குத் தக்கபடி இருவருக்கும் அனுப்புங்கள். அதேபோல வாங்குபவர் பக்கத்தில் மாமனார் பணம் தருகிறார் என்றால், முதலில் அது வாங்குபவர் கணக்குக்கு வரட்டும். கடனா அன்பளிப்பா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

*வீட்டில் இருக்கும் ரொக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நேராகக் கொடுத்துவிடுவது.* நகை விற்ற பணமோ, விளைச்சல் பணமோ, சீட்டுப் பணமோ கையில் இருக்கலாம். அதை உங்கள் சொந்தக் கணக்கில் கட்டுங்கள். பத்து லட்சம் தாண்டினால் வங்கி தெரிவிக்கும் என்பது உண்மை. தெரிவிக்கப்படுவது குற்றம் அல்ல. நகைக்கடை ரசீது, மண்டியில் விற்ற சீட்டு, சீட்டு நிறுவனத்தின் பாஸ்புத்தகம் ஏதாவது ஒன்றைக் கட்டிய தேதியோடு சேர்த்துக் கோப்பில் வைத்தால் போதும். பயந்துபோய் நான்கு உறவினர் கணக்கில் பிரித்துக் கட்டினால், நேர்மையான பணத்துக்குக்கூட விளக்கம் சொல்லத் திணற வேண்டி வரும்.

*ரொக்கத்தோடு பயணம்.* தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில், ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும். பதிவு நாள் காலையில் அப்படி நேர்ந்தால் கிரயமே தள்ளிப்போகும். திருட்டும் கள்ளநோட்டும் வேறு. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் காருக்குள் உட்கார்ந்து நோட்டு எண்ணும்போது, கட்டில் ஒன்று குறைந்தது என்று யார் சொன்னாலும் யாராலும் நிரூபிக்க முடியாது.

*வழிகாட்டி மதிப்புக்கும் கீழே விலை போடுவது.* பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், விற்பவருக்கு வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி போடுவார்கள். வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் வருமானமாகவே கணக்காகும். உண்மையிலேயே குறைந்த விலைக்கு விற்கிறீர்கள் என்றால் அதிகாரப்பூர்வ மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்று வாங்கி வையுங்கள்.

கிரயம் நின்றுபோனால்

முன்பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட முன்பணத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதும் சட்டப்படி தவறு. அதற்கும் அதே அளவு அபராதம் உண்டு, அதுவும் விற்பவருக்குத்தான். வாங்குபவரின் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒப்பந்த ரத்து ஆவணத்தில் அந்த யு.டி.ஆர். எண்ணை எழுதிப் பதிவு செய்யுங்கள். பணம் கணக்கில் ஏறும் முன் வாங்குபவர் ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் வாங்குபவருக்கு இன்னொரு பலமும் உண்டு. தன் மேல் தவறில்லாமல் கிரயம் நின்றால், கொடுத்த முன்பணத்துக்காக அந்தச் சொத்தின் மேலேயே அவருக்கு உரிமைப் பிணையம் இருக்கிறது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. கொடுத்ததை நிரூபித்தால்தான் அது கைக்கு உதவும்.

ஏற்கெனவே ரொக்கம் கைமாறிவிட்டதா?

இந்த அத்தியாயத்தைத் தாமதமாகப் படிப்பவர்களும் இருப்பீர்கள். முன்பணமாக ஐந்து லட்சம் ரொக்கம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, மேற்கொண்டு ஒரு ரூபாயும் ரொக்கமாகக் கொடுக்காமல் நிறுத்துவது. இரண்டாவது, தேதியை மாற்றி எழுதுவது, கடன் பத்திரம் போல ஜோடிப்பது, சாமான் விற்றதாகத் தனி ஒப்பந்தம் போடுவது ஆகிய எதையும் செய்யாமல் இருப்பது. அபராதத்தோடு நிற்க வேண்டிய விஷயத்தை மோசடி வழக்காக மாற்றுபவை இவைதான்.

பிறகு ஒப்பந்தம், கொடுத்த பணத்தின் ஆதாரம், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு, பதிவுக்கு முன்பே ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் பாருங்கள். விற்பவர் வாங்கிய ரொக்கத்தைத் தன் கணக்கில் கட்டி, வாங்குபவர் கணக்குக்கு வங்கி வழியாகத் திருப்பி அனுப்பி, வாங்குபவர் அதே தொகையை முறையாக மீண்டும் அனுப்புவது ஒரு வழி. முதலில் ரொக்கம் வாங்கியது இதனால் இல்லை என்று ஆகிவிடாது. நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் அபராதத்தைத் தவிர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. தாங்களே முன்வந்து சரிசெய்ததற்கான வங்கிப் பதிவு அந்த வாதத்துக்குத் துணை நிற்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஒப்பந்தத் தாளைப் பார்த்தபின்தான் ஆடிட்டர் சொல்ல முடியும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

பதிவு முடிந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். கிரயப் பத்திரம், கிரய ஒப்பந்தம், எல்லாத் தவணைகளும் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, டி.டி. நகல், டி.டி.எஸ். செலுத்திய ரசீதும் சான்றிதழும், முத்திரைத் தீர்வை ரசீது. வங்கி அறிக்கையைச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கணக்கை மூடினாலோ வங்கிகள் இணைந்தாலோ பழைய பதிவை எடுப்பது பெரும்பாடு. கிளையில் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். விற்பவரும் தன் பிரதியை எடுத்து வைத்து, அந்த நிதியாண்டுக்கான வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, வாங்கியவர் கட்டிய 80,000 ரூபாய் டி.டி.எஸ். தன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் வாங்கியவரைக் கூப்பிட்டு, படிவத்தில் பான் எண் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.